ஆறு மணிக் கணக்கு

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வை எழுதுபவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, மீதி 25 கணக்கும் மனத்திறனும். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் அந்த 25 கேள்விக்கு 37.5 மதிப்பெண். கட் ஆஃப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி வித்தியாசத்துக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருமுறை தரவரிசைப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு 37.5 என்பது என்ன என்று புரியும். தமிழும் பொது அறிவும் எனக்கு வரும். இந்த 25 கேள்விதான் 2024 ஜூன் 9 தேர்வில் என்னைக் கீழே தள்ளியது. பாடம் கஷ்டம் என்பதைவிட, அந்தப் பாடத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் நான் உட்காரவே இல்லை என்பதுதான் உண்மை. இரண்டு நிமிட விதி ஒன்றை வைத்து எப்படி உட்கார ஆரம்பித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உட்காராததற்கு என்ன செலவானது என்றும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலையில் மாதம் பதினோராயிரம் வாங்கிக்கொண்டிருந்தேன், அதை விட்டேன். பயிற்சி மையத்துக்கு பதினெட்டாயிரம் கட்டினேன். வீட்டில் தறிச் சத்தம் என்று படிப்பகத்தில் ஒரு நாற்காலிக்கு மாதம் எழுநூறு. எல்லாம் சேர்த்து ஒரு வருடச் சம்பளமும் அதற்கு மேலும் போயிற்று.

பயிற்சி மையத்தில் முதல் வாரமே ஒரு கால அட்டவணையை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். காலை 6 முதல் 7.30 வரை கணக்கு, 9 முதல் 12 வரை பொது அறிவு, மதியத்துக்குப் பிறகு தமிழ், இரவு திருப்புதல். "மூளை ஃபிரெஷ்ஷா இருக்கும்போது கஷ்டமானதை முடிச்சிருங்க" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் அதை அம்மாப்பேட்டை வீட்டில் அலமாரிக் கதவில் ஒட்டினேன். ஐந்தரைக்கு அலாரம், எழுந்து முகம் கழுவி, ஆறு மணிக்கு மேஜையில் இருப்பேன். எழுந்திருப்பதில் எனக்கு ஒருநாளும் சிக்கல் இருந்ததில்லை. மேஜையில் இருப்பதிலும் இல்லை. ஆனால் ஆறு மணிக்கும் முதல் கணக்குக்கும் நடுவில் நேரம் எங்கே போகிறது என்றே தெரியாது. நோட்டில் மார்ஜின் போடுவேன். நேற்றைய தலைப்பை நிறம் மாற்றி எழுதுவேன். அம்மா டீ கொண்டு வருவார், அதை ஆற விடாமல் குடிக்க வேண்டும் அல்லவா? ஆறு நாற்பது ஆகியிருக்கும். ஆறு நாற்பதில் ஆரம்பிக்க மனது வராது, முழு மணியில் தொடங்கினால்தான் சரி என்று தோன்றும். ஏழு மணிக்குத் தொடங்கினால் அரை மணிதானே இருக்கிறது, அதில் என்ன முடியும்? சரி, ஒன்பது மணிக்குப் பொது அறிவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் சேர்த்துப் போட்டுவிடலாம். இப்படியே போகும்.

அட்டவணைக்குள் ஒரு நேரத்துக்கு மட்டும் பயந்தால் அந்த நேரம் மட்டும் வீணாவதில்லை என்பதை முதலில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். கணக்கு ஒன்பது மணிக்குத் தள்ளப்படும். ஒன்பது மணிக்கும் உட்கார மாட்டேன், ஆனால் கணக்கு பாக்கி இருக்கிறது என்ற குற்ற உணர்வில் பொது அறிவையும் ஒழுங்காகப் படிக்க மாட்டேன். அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகளை ஐந்து முறை வாசித்தும் ஒன்றும் ஏறாத காலைகள் உண்டு. மாலையில் களைத்துப்போய் தட்டுவடை செட் சாப்பிடத் தெருமுனைக்குப் போனால், கடைக்காரர் தட்டுவடை மேல் கேரட்டும் பீட்ரூட்டும் வைத்துச் சட்னி தடவும்வரைகூட மனது சும்மா இருக்காது. "இன்னிக்கும் கணக்குப் போடலையே" என்று உள்ளே ஒரு குரல். வாரக் கடைசியில் அட்டவணை சரியில்லை என்று முடிவெடுத்து, புதிதாக ஒன்று வரைவேன். ஸ்கேல், நான்கு நிற ஸ்கெட்ச், அரை நாள். அட்டவணை வரைவதும் கணக்கைத் தள்ளிப்போடும் இன்னொரு வழிதான் என்று அப்போது தெரியாது. உங்கள் அட்டவணையில் ஒரு குறிப்பிட்ட பாடத்தின் நேரம் மட்டும் வாராவாரம் இடம் மாறிக்கொண்டே இருந்தால், அட்டவணையைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பாடத்தின் வாசலில் ஏதோ இருக்கிறது.

முதல் தேர்வு முடிவு வந்தபின் படிப்பகத்துக்குப் பணம் கட்ட முடியாமல் மாவட்ட மைய நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே பக்கத்து மேஜையில் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, நான் கணக்குப் புத்தகத்தை மூடித் திறந்து மூடுவதைப் பல நாள் பார்த்திருக்கிறார். "கண்ணு, ரெண்டே ரெண்டு நிமிஷம் போடு. அப்புறம் புடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிரு" என்றார். அவ்வளவுதான். இந்த இரண்டு நிமிட விதியைப் பற்றி வீடியோக்களில் நானும் கேட்டிருக்கிறேன், புதிதல்ல. சரி, செய்துதான் பார்ப்போமே என்று தொடங்கினேன். முதல் சில வாரம் அது வேலை செய்யவே இல்லை. ஏன் வேலை செய்யவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு நிமிடத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நான் முதலில் வைத்துக்கொண்டது "புத்தகத்தைத் திறப்பது". திறந்தேன். திறந்த புத்தகத்தை எதிரில் வைத்துக்கொண்டும் நாற்பது நிமிடம் ஓட்டலாம் என்று தெரிந்துகொண்டேன். அடுத்து வைத்துக்கொண்டது "இரண்டு நிமிடம் கணக்கு வீடியோ பார்ப்பது". இது இன்னும் மோசம். வீடியோவில் சார் போடும்போது எல்லாம் புரியும், கணக்குப் போட்ட திருப்தியும் வரும், ஆனால் என் பேனா அசைந்திருக்காது. ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும், ஏழரைக்கு எழுந்து போய்விடுவேன். திறப்பது, பார்ப்பது, வரைவது, பேனா தேடுவது எல்லாம் கணக்குக்கு வெளியே நடக்கும் வேலைகள். எனக்குப் பயம் கணக்கின் உள்ளே. வெளியே எவ்வளவு நேரம் நின்றாலும் உள்ளே போகும்போது அந்தப் பயம் அப்படியே காத்திருக்கும்.

இதே பெயரில் இன்னொரு விதி உண்டு, அதையும் இதையும் குழப்பிக்கொண்டது அடுத்த சிக்கல். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வேலை எதுவாக இருந்தாலும் பட்டியலில் எழுதாமல் உடனே முடித்துவிடு என்பது அது. அலுவலகத்தில் கடிதங்களும் மின்னஞ்சல்களும் குவிகிறவர்களுக்கு அது நல்ல விதி. ஆறு மணிக்குக் கணக்குப் போட உட்காருகிறவருக்கு விஷம். ரீசார்ஜ் இரண்டு நிமிடம், தோழிக்குப் பதில் இரண்டு நிமிடம், கேஸ் புக் பண்ணுவது இரண்டு நிமிடம். ஒவ்வொன்றாக முடித்துச் சுறுசுறுப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயப்படும் வேலைக்கு முன்னால் சின்ன வேலைகள் எல்லாம் திடீரென்று அவசரமாகத் தெரியும். நமக்கு வேண்டிய விதி வேறு: பெரிய வேலையின் முதல் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் செய்வது. அந்த நேரத்தில் மற்ற சின்ன வேலைகள் நினைவுக்கு வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டு ஏழரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எது வேலை செய்தது? அட்டவணையில் "6.00–7.30 கணக்கு" என்று எழுதியிருந்த கட்டத்தை அழித்தேன். கணக்கு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் கூட்டு வட்டி, கன அளவு, வேலையும் நேரமும், மீ.பொ.வ., எண் தொடர் என்று எல்லாம் அடைந்து கிடக்கின்றன. காலையில் அதைப் பார்த்ததும் எதில் ஆரம்பிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும், அந்த முடிவிலேயே வழுக்கிவிடுவேன். அதனால் முந்தின இரவு படுக்கும் முன்பே அடுத்த நாள் முதல் கணக்கைத் தேர்ந்தெடுத்து, நோட்டின் புதுப் பக்கத்தில் கேள்வியை முழுதாக எழுதி வைத்தேன். ஓர் உதாரணம்: "ரூ.8,000-க்கு ஆண்டுக்கு 5% வீதம் 2 ஆண்டுக்குக் கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன?" அதற்குக் கீழே ஒரே ஒரு வரி, அதுவும் பாதி: "8000-இல் 5% =". அவ்வளவுதான். நோட்டை மூடாமல், அந்தப் பக்கத்திலேயே பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பேன். அட்டவணைக் கட்டத்தில் பென்சிலால் எழுதியதும் அதேதான்: "6.00, 8000-இல் 5% எழுது".

காலையில் உட்கார்ந்தால் முடிவெடுக்க ஒன்றுமில்லை. 400 என்று எழுத வேண்டும். எழுதினால் அது விடையின் ஒரு பகுதி. முதல் வருட வட்டி 400. இரண்டாம் வருடம் தனிவட்டியில் அதே 400 தான். கூட்டு வட்டியில் அந்த 400-க்கும் வட்டி உண்டு. 400-இல் 5% எவ்வளவு? 20. வித்தியாசம் 20 ரூபாய், கணக்கு முடிந்தது. தனிவட்டி 800, கூட்டு வட்டி 820 என்று சரிபார்த்தும் கொள்ளலாம். நான் இத்தனை நாள் பயந்தது அடைப்புக்குறியும் அடுக்கும் போட்ட அந்தச் சூத்திரத்துக்கு. வட்டிக்கு வட்டி என்பதற்கு அம்மாப்பேட்டையில் பிறந்த எனக்குச் சூத்திரம் எதற்கு? தறிக்குப் பாவு நூல் வாங்கக் கடன் வாங்கி மாதாமாதம் வட்டி கட்டுவதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்! ஆனால் இதைப் புரிந்துகொள்ள அந்த 400-ஐ என் கையால் எழுத வேண்டியிருந்தது.

இரண்டு நிமிட வேலை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், எனக்குப் பிடிபட்டது இதுதான். கையால் எழுதுவதாக இருக்க வேண்டும், கணக்கின் உள்ளே இருக்க வேண்டும், தப்பாகப் போக வழியில்லாத அளவு எளிதாக இருக்க வேண்டும், எது என்று முந்தின இரவே தீர்மானித்திருக்க வேண்டும். கடைசியதுதான் முக்கியம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியது. 'நான் இதைச் செய்வேன்' என்று பொதுவாக நினைப்பதைவிட, 'இந்த நேரம், இந்த இடம் வந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டி வைத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று அதில் காட்டியிருக்கிறார். எனக்கு 'மேஜையில் உட்கார்ந்தால் 400' என்று கட்டி வைத்ததுதான் உதவியது. 'ஆறு மணிக்கு' என்று மட்டும் வைத்திருந்தபோது ஆறு ஒன்று ஆனதும் முறிந்துவிடும்.

இரண்டு நிமிடத்தை அளக்கப் போனை எடுக்காதீர்கள். டைமர் வைக்கப் போனவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போய் விழுந்த கதை எனக்கு உண்டு. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் இரண்டு சுற்று வந்தால் போதும். அந்த இரண்டு சுற்று முடிந்ததும் நிறுத்தலாம் என்ற அனுமதி உண்மையானதாக இருக்க வேண்டும். இதில் நிறையப் பேர் தங்களையே ஏமாற்றிக்கொள்வார்கள், நானும்தான். வெளியே 'இரண்டு நிமிடம்', உள்ளே 'எப்படியும் ஒன்றரை மணி நேரம் போட்டே தீரணும்'. மனதுக்கு இந்தத் தந்திரம் ஒரு வாரத்தில் புரிந்துவிடும். அப்புறம் அந்த இரண்டு நிமிடமே ஒன்றரை மணி நேரம் அளவுக்குப் பாரமாகிவிடும். அதனால் நான் வேண்டுமென்றே சில காலைகளில் இரண்டு நிமிடத்தில் பேனாவை வைத்துவிட்டேன், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும்கூட. கணக்கு முடியாமல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றால் ஏற்காடு மலை மேல் வெயில் ஏறிக்கொண்டிருக்கும். "என்ன சாமி, அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்பார் அம்மா. முடிந்தது என்பேன். அப்படி நிறுத்தியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மறுநாள் உட்கார இன்னும் லேசாக இருந்தது.

நிறுத்திய பிறகு மீதி நேரத்தை என்ன செய்வது? ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு நிமிடம் போக மீதி எண்பத்தெட்டு நிமிடம் இருக்கிறதே. அதைப் பொது அறிவுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கொடுக்காதீர்கள். கொடுத்தால் கணக்கிலிருந்து தப்பித்ததற்குப் பரிசாகப் பிடித்த பாடம் கிடைக்கிறது, அடுத்த நாள் மனது அந்தப் பரிசைத் தேடும். நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: நிறுத்தினால் ஆறரை வரை சும்மா இருக்கலாம், துணி மடிக்கலாம், தண்ணீர் பிடிக்கலாம், ஆனால் வேறு பாடம் கிடையாது, போன் கிடையாது. ஆறரைக்கு மறுபடி ஓர் இரண்டு நிமிடம், விட்ட வரியிலிருந்து. அப்போதும் ஓடவில்லையென்றால் ஏழு மணிக்கு ஒன்று. ஏழரைக்குக் கடை மூடிவிட வேண்டும், எத்தனை நிமிடம் போட்டிருந்தாலும் சரி. பாக்கியை ஒன்பது மணிக்குத் தள்ளக் கூடாது. தள்ளாமல் இருந்த பிறகுதான் என் பொது அறிவு நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. சொல்லப்போனால் இந்த மாற்றத்தின் பெரிய லாபமே அதுதான், கணக்கில் கூடிய மதிப்பெண் இரண்டாவது.

பெரும்பாலான காலைகளில் இரண்டு நிமிடத்தில் நிறுத்தத் தோன்றவில்லை. ஆரம்பித்த கணக்கைப் பாதியில் விட மனது வராது. மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர் 1928-இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரு வேலையின் நடுவில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே அதைத் திரும்ப எடுத்துச் செய்யப் பார்க்கிறார்களாம். இதைப் படித்த பிறகு நாளைத் தொடங்கும் விதத்தோடு முடிக்கும் விதத்தையும் மாற்றினேன். முன்பெல்லாம் ஏழரைக்குள் கையில் இருக்கும் கணக்கை முடித்துக் கோடு போட்டு மூடுவேன். சுத்தமாக இருக்கும், ஆனால் மறுநாள் வெற்றுப் பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். சித்தப்பா தறியில் பாவு தீரும்போது கவனித்திருக்கிறேன். பழைய பாவின் கடைசி நூல்களை உருவி எறிந்துவிட மாட்டார்கள். அவற்றைத் தறியிலேயே விட்டு, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைப்பார்கள். இல்லையென்றால் ஆயிரக்கணக்கான இழைகளையும் தறியில் முதலிலிருந்து கோக்க வேண்டும். நானும் ஏழரைக்கு ஒரு கணக்கைப் பாதியில், அதுவும் அடுத்த அடி தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்த ஆரம்பித்தேன். "A ஒரு வேலையை 10 நாளில், B 15 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால்?" என்ற கணக்கில் மொத்த வேலை 30 பங்கு, A ஒரு நாளைக்கு 3, B ஒரு நாளைக்கு 2 என்று எழுதிவிட்டு நிறுத்தினால், நாளைக்கு 30-ஐ 5-ஆல் வகுத்து 6 நாள் என்று எழுதுவதுதான் முதல் இரண்டு நிமிடம். இரவில் தனியாகக் கணக்குத் தேட வேண்டியதும் இல்லை. ஒரு எச்சரிக்கை: புரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் நிறுத்தினால் இது தலைகீழாகிவிடும். இரவெல்லாம் அது உறுத்தி, காலையில் மேஜைப் பக்கமே போக விடாது.

இனி இந்த விதி எங்கே செல்லாது என்பது. கூட்டு வட்டி, சராசரி, வேலையும் நேரமும் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகும் கன அளவு மட்டும் ஓடவில்லை. தினமும் இரண்டு நிமிடம் எழுதுவேன், நிறுத்துவேன். ஆறரைக்கு மறுபடி, ஏழுக்கு மறுபடி, அதே இடம். சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மற்ற நாட்களில் நான் தள்ளிப்போட்டபோது பக்கம் காலியாக இருக்கும். கன அளவில் பக்கம் காலியாக இல்லை, எல்லாப் பக்கத்திலும் எழுத்து ஒரே வரியில் நின்றிருந்தது. ஆரம் 7, உயரம் 12 உள்ள கூம்பு. சூத்திரத்தைச் சரியாக எழுதுகிறேன், மூன்றில் ஒரு பங்கு, 22/7, 7, 7, 12 என்று போட்டும் விடுகிறேன். அதற்கு அடுத்த வரியில் 22-ஐ 7-ஆல் பெருக்கி, மறுபடி 7-ஆல் பெருக்கி, 12-ஆல் பெருக்கி 12,936 என்று கொண்டுவந்து, அதை 21-ஆல் வகுக்க உட்காருகிறேன். அங்கேதான் கை நிற்கிறது. யாராக இருந்தாலும் நிற்கும். மேலே ஒரு 7, கீழே ஒரு 7, அதை அடித்துவிடலாம். 12-ஐ 3-ஆல் அடித்தால் 4. மீதி 22, 7, 4. பெருக்கினால் 616, வாயாலேயே சொல்லிவிடலாம். பின்னங்களைச் சுருக்குவது எனக்குப் பள்ளியில் சரியாக ஏறவே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

ஆக, பேனா ஆரம்பிக்கவே மறுத்தால் அது தயக்கம், அதற்கு இரண்டு நிமிட விதி மருந்து. பேனா தினமும் ஆரம்பித்து ஒரே வரியில் நின்றால் அங்கே அடிப்படை ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதற்கு இந்த விதி எவ்வளவு போட்டாலும் உதவாது. ஒரு தலைப்பில் மூன்று காலை தொடர்ந்து ஒரே இடத்தில் நின்றால் நான் அந்தத் தலைப்பை மூடிவிட்டு, அந்த வரியில் என்ன தெரியவில்லை என்று மட்டும் பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு சமச்சீர்க் கணக்குப் புத்தகங்களை வாங்கி, பின்னங்கள் பாடத்தை மட்டும் ஒரு வாரம் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. "அக்கா, இதுகூடத் தெரியாதா?" என்று அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் இல்லை. ஆனால் குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரத் தேர்வு, அதில் பாதிக் கணக்குக்கு வேர் அந்தச் சின்ன வகுப்புகளில்தான் இருக்கிறது.

மாதிரித் தேர்வுக்கும் இதேபோல் ஒரு வாசல் தேவைப்பட்டது. மூன்று மணி நேரம் உட்கார வேண்டுமே என்ற நினைப்பிலேயே ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்துகொண்டிருந்தன. அதற்கு ஜெராக்ஸ் கடையில் ஓ.எம்.ஆர். தாள் மாதிரிகளைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டேன். ஞாயிறு பத்து மணிக்கு என் வேலை மாதிரித் தேர்வு எழுதுவது அல்ல, பதிவெண் வட்டங்களைக் கறுப்பு பேனாவால் நிரப்புவது. இரண்டு நிமிடம்தான் ஆகும். நிரப்பி முடித்த தாளை வீணாக்க மனம் வராமல் முதல் கேள்விக்குப் போய்விடுவேன். தேர்வைவிடப் பயமாக இருந்தது அதைத் திருத்துவது. தப்பான கணக்குகளைப் பார்க்கவே பிடிக்காது. அதற்கும் அதே வழிதான்: முழுத்தாளையும் திருத்த வேண்டாம், தப்பான ஒரே ஒரு கணக்கின் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அதை நோட்டில் எடுத்து எழுதினால் போதும். அந்தக் கணக்கே திங்கட்கிழமை ஆறு மணிக்கு முதல் கணக்காகிவிடும்.

ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் சேலத்தில் எந்தத் தெருவிலும் கால அட்டவணை நிற்காது. ஒலிபெருக்கி, உறவினர்கள், கூழ், பொங்கல், வீட்டில் படுக்கவே இடம் இருக்காது. முந்தைய வருடம் அந்த வாரம் விட்டது, ஆடி முடிந்தும் பல நாள் ஒட்டவே இல்லை. அடுத்த ஆடியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஆசைப்படவில்லை. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், அடுக்களைப் படியில் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். சித்திக்கு அது வேடிக்கையாக இருந்தது, "என்னடி இது, சாமி கும்புடற மாதிரி" என்று சிரித்தார். அப்படிப் போட்டதால் பாடம் ஒன்றும் முன்னேறவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள் ஆறு மணிக்கு நோட்டில் ஒரு பாதிக் கணக்கு காத்திருந்தது, பழைய நேரத்துக்குத் திரும்புவது சிரமமாக இல்லை. அவ்வளவுதான் அதன் பயன்.

தூக்கம் இல்லாத காலையில் இது எதுவும் நடக்காது. சித்தப்பா வீட்டில் இரவு ஷிப்ட் தறி ஓடி, ஒரு மணி வரை விழித்திருந்துவிட்டு ஐந்தரைக்கு எழுந்தால், 8000-இல் 5% கூட மலையாகத் தெரியும். அந்த நாட்களில் நேரத்தை மாற்றாமல் விதியை மட்டும் இறுக்குவது வீண். தறி ஓடும் வாரங்களில் கணக்கை மாலை ஐந்துக்கு நிரந்தரமாகவே மாற்றிக்கொண்டேன். காலையில் போட்டால்தான் கணக்கு ஏறும் என்பது பயிற்சி மையத்தில் சொன்னது, என் மண்டைக்கு அது பொருந்தவில்லை. உங்கள் மண்டைக்கு எது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும், நேரத்தை மாற்றினால் வாரத் தொடக்கத்தில் மாற்றுங்கள், உட்கார வேண்டிய அதே நிமிடத்தில் மாற்றாதீர்கள். அந்த நிமிடத்தில் தோன்றும் மாற்றம் எதுவும் அட்டவணைக்காகத் தோன்றுவது இல்லை.

2025 ஜூலை 12 தேர்வில் அந்த 25 கேள்வியையும் தொட்டேன். முன்பு கடைசி இருபது நிமிடத்தில் 'விடை தெரியவில்லை' என்று E வட்டத்தை வரிசையாகக் கறுப்பாக்கியவள், இந்த முறை கூம்புக் கணக்குகளைக்கூட அடித்துச் சுருக்கிப் போட்டேன். இப்போது குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன், விரித்து எழுதும் தாள் இருக்கிறது. அதற்கு இந்த விதியை அப்படியே தூக்கிப் போட்டுப் பார்த்ததில் சரிப்படவில்லை. கணக்கில் 400 என்று எழுதினால் அது சரியான 400. கட்டுரையில் முதல் வரி எழுதினால் அது நல்ல வரியா என்று பார்க்க ஆரம்பித்து, அடித்து, மறுபடி எழுதி, இரண்டு நிமிடமும் அந்த ஒரே வரியில் போய்விடுகிறது. இப்போதைக்கு முதல் வரியை விட்டுவிட்டு, நடுவில் வர வேண்டிய ஒரு திட்டத்தின் பெயர், அதன் ஆண்டு, யாருக்கானது என்று மூன்று துணுக்குகளை மட்டும் இரவே எழுதி வைத்து, காலையில் அவற்றை ஒரு வாக்கியமாகச் சேர்ப்பதில் தொடங்குகிறேன். முன்னுரையைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன். சில நாள் ஓடுகிறது, சில நாள் இல்லை. விரித்தெழுதும் தாளுக்கு வேறு யாராவது நல்ல முதல் இரண்டு நிமிடம் கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள்.